இன்ட்ரோனில் மாறிய ஓர் எழுத்து

(வெள்ளவத்தையில் க.பொ.த. உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டி.என்.ஏ-க்கும் ஆர்.என்.ஏ-க்கும் உள்ள வேறுபாடுகளை எழுதச் சொன்னால் இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவீர்கள். ஒன்றில் டீஒட்சிரைபோசு, மற்றதில் இறைபோசு. ஒன்றில் தைமின், மற்றதில் யுராசில். ஒன்று இரட்டைப் பட்டிகை, மற்றது பெரும்பாலும் தனிப் பட்டிகை. அந்த அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது, அப்படி இல்லாவிட்டால் கலத்துக்கு என்ன நடக்கும் என்பது அதில் வராது. அதை விளக்க நம் நாட்டிலேயே ஒரு நோய் இருக்கிறது. தலசீமியாவைத்தான் சொல்கிறேன். இன்றைய உரை முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியதுதான்.

குருணாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. அங்கும் றாகமையிலும் இன்னும் பல வைத்தியசாலைகளிலும் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பிறக்கும்போது அவர்களுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. சில மாதங்கள் போனபின் பிள்ளை வெளிறுகிறது, பால் குடிப்பது குறைகிறது, வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் பெருத்துக் கைக்குத் தட்டுப்படுகிறது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் வெதரோல் இலங்கை மருத்துவர்களுடன் சேர்ந்து பல ஆண்டுகள் இந்த நோயை ஆராய்ந்தார். அந்தக் குழுவின் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்தது. நம் நாட்டில் ஏறத்தாழ நூறு பேரில் இருவர் பீற்றா தலசீமியாக் காவிகள் என்று அது காட்டியது. காவிக்கு நோய் இல்லை. தாயும் தகப்பனும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். மெண்டலின் விகிதம் உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தப் பிள்ளைகளின் டி.என்.ஏ-யில் என்ன மாறியிருக்கிறது? இலங்கையில் காணப்படும் பீற்றா தலசீமியா விகாரங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே வகையானவை. 11 ஆம் நிறமூர்த்தத்தில் பீற்றா குளோபின் பரம்பரையலகு இருக்கிறது. அதன் நீளம் சுமார் 1,600 மூலச் சோடிகள். அதன் முதலாவது இன்ட்ரோனில் ஐந்தாவது இடத்தில் G இருக்க வேண்டும். இவர்களில் அங்கே C இருக்கிறது. மாறியிருப்பது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை மறித்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்ட்ரோன் என்பது புரதத்தில் எந்த அமினோவமிலத்தையும் குறிக்காத பகுதி. வெட்டி எறியப்படும் பகுதி என்றுதான் படித்திருக்கிறீர்கள். எறியப்படப்போகும் துண்டில் ஓர் எழுத்து மாறினால் ஒரு பிள்ளை ஏன் ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்? டி.என்.ஏ-யை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. ஆர்.என்.ஏ-க்குள் போக வேண்டும்.

முதலில் மூலப்பிரதி. டி.என்.ஏ-யின் ஒவ்வொரு நியூக்கிளியோதைட்டிலும் ஒரு பொசுபேற்று, ஒரு ஐங்காபன் வெல்லம், ஒரு நைதரசன் மூலம். வெல்லமும் பொசுபேற்றும் மாறி மாறிச் சேர்ந்து முதுகெலும்பாகின்றன. மூலங்கள் உள்நோக்கி நின்று எதிர்ப் பட்டிகையின் மூலங்களோடு சோடி சேர்கின்றன. A உடன் T இரண்டு ஐதரசன் பிணைப்புகளால், G உடன் C மூன்றால். இரு பட்டிகைகளும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. நம் கலம் ஒன்றின் கருவுக்குள் இப்படி ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமான டி.என்.ஏ சுருண்டு கிடக்கிறது.

இந்த அமைப்பில் இரண்டு விவரங்கள் நம் கதைக்கு முக்கியம். முதலாவது, வெல்லத்தின் 2 ஆம் காபனில் ஒட்சிசன் இல்லை. வெறும் ஐதரசன்தான் இருக்கிறது. ஆர்.என்.ஏ-யின் இறைபோசில் அதே இடத்தில் ஐதரொட்சில் கூட்டம் நிற்கிறது. ஒரேயோர் ஒட்சிசன் அணுவின் வித்தியாசம்தான். ஆனால் அந்த ஐதரொட்சில் பக்கத்திலேயே இருக்கும் பொசுபேற்றுப் பிணைப்பைத் தாக்கக்கூடியது. தாக்கினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகும். காரக் கரைசலில் இந்தத் தாக்கம் வேகமாக நடக்கும். ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் ஆர்.என்.ஏ-யை வைத்தால் அது தனித்தனி நியூக்கிளியோதைட்டுகளாக உடைந்துவிடும். அதே கரைசலில் டி.என்.ஏ-யின் இரு பட்டிகைகளும் பிரியும், ஆனால் சங்கிலி அறாது. தாக்குவதற்கு அங்கே ஐதரொட்சில் இல்லை. ஒரு பிள்ளை கருவில் உருவானதிலிருந்து முதுமை வரைக்கும் கெடாமல் இருக்க வேண்டிய மூலப்பிரதிக்கு எந்த வெல்லம் பொருத்தம் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இரண்டாவது விவரம் தைமின். டி.என்.ஏ-யில் யுராசில் ஏன் இல்லை என்று ஆசிரியரிடம் கேட்டிருப்பீர்கள். சைற்றோசீன் என்ற மூலம் அவ்வளவு உறுதியானது அல்ல. நீர் பட்டு, தானாகவே அமினோக் கூட்டத்தை இழந்து யுராசிலாக மாறிவிடும். நம் ஒவ்வொரு கலத்திலும் நாளொன்றுக்கு நூறு தடவை அளவில் இது நடக்கிறது. டி.என்.ஏ-யில் யுராசிலுக்கு இடமே இல்லை என்பதால், யுராசில் ஒன்று தென்பட்டால் அது பழுதடைந்த சைற்றோசீன்தான் என்று திருத்தும் நொதியத்துக்கு ஐயமின்றித் தெரியும். அதை வெட்டி எடுத்து, எதிர்ப் பட்டிகையில் G இருப்பதைப் பார்த்து மீண்டும் C-யை வைத்துவிடும். டி.என்.ஏ-யும் யுராசிலையே பயன்படுத்தியிருந்தால் எது சரியான யுராசில், எது பழுதான சைற்றோசீன் என்று பிரிக்க வழியே இருந்திருக்காது. எதிர்ப் பட்டிகை இல்லாவிட்டாலும் திருத்தம் நடக்காது. ஆக, தைமினும் இரட்டைப் பட்டிகையும் திருத்தம் என்ற ஒரே தேவைக்குச் சேர்ந்து உதவுகின்றன. அட்டவணையில் அவை இரண்டு தனித்தனி வரிகளாக இருப்பதால் இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

ஆர்.என்.ஏ-க்கு இந்தப் பாதுகாப்பு தேவையில்லை. ஒரு பிரதி பழுதானால் இன்னொன்று வரும். ஆனால் நம் நோயில் பழுது மூலப்பிரதியிலேயே இருக்கிறது. அங்கே இரு பட்டிகைகளும் ஒன்றுக்கொன்று ஒழுங்காகச் சோடி சேர்ந்தே இருக்கின்றன. G இருந்த இடத்தில் C, எதிரே C இருந்த இடத்தில் G. திருத்தும் நொதியத்தின் பார்வையில் அங்கே திருத்த எதுவும் இல்லை. அதனால்தான் அது தலைமுறை தலைமுறையாக வருகிறது.

இனி என்பு மச்சைக்குள் போவோம். அங்கே செங்குழியமாகப் போகும் இளங்கலம் ஒன்று பீற்றா குளோபின் பரம்பரையலகைத் திறக்கிறது. ஆர்.என்.ஏ பொலிமரேசு ஒரு பட்டிகையை அச்சாக வைத்துப் பிரதியெடுக்கிறது. T வரவேண்டிய இடங்களில் U வைக்கிறது. வெளியே வரும் முதல் பிரதியில் எல்லாமே இருக்கும். மூன்று எக்சோன்களும் இருக்கும், அவற்றுக்கிடையே இரண்டு இன்ட்ரோன்களும் இருக்கும். முதலாவது இன்ட்ரோன் 130 எழுத்து, இரண்டாவது 850. பரம்பரையலகுகள் இப்படித் துண்டு துண்டாக இருப்பதை 1977 இல் றிச்சர்ட் றொபேட்சும் பிலிப் ஷார்ப்பும் தனித்தனியே கண்டார்கள். 1993 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்ட்ரோன்களை வெட்டி எடுத்து எக்சோன்களை ஒட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கெட்டது. எங்கே வெட்டுவது என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? இந்த இடத்தில் உங்கள் அட்டவணையில் இல்லாத ஓர் ஆர்.என்.ஏ வருகிறது. தூது ஆர்.என்.ஏ, இடமாற்று ஆர்.என்.ஏ, இறைபோசோம் ஆர்.என்.ஏ என்று மூன்றைப் படித்திருப்பீர்கள். கருவுக்குள் சிறிய ஆர்.என்.ஏ-கள் சில புரதங்களோடு சேர்ந்து இயங்குகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் U1. அதன் முனையில் இருக்கும் ஒன்பது எழுத்துகள், எக்சோன் முடிந்து இன்ட்ரோன் தொடங்கும் எல்லையோடு சோடி சேர்கின்றன. அந்தச் சோடிதான் வெட்டும் இடத்தின் அடையாளம். பலகையைப் பாருங்கள். மேல் வரி பீற்றா குளோபின் பிரதி, கீழ் வரி U1. இடையில் உள்ள கோடு எக்சோனின் முடிவு.

```
பிரதி   C A G | G U U G G U
U1      G U C | C A U U C A
```

இடமிருந்து எண்ணுங்கள். C-G, A-U, G-C மூன்றும் சரியான சோடிகள். எல்லையைத் தாண்டினால் G-C, U-A சரி. இன்ட்ரோனின் மூன்றாவது எழுத்து U, எதிரேயும் U. அங்கே சோடி இல்லை. நான்காவதில் G-க்கு எதிரே U. டி.என்.ஏ-யில் வராத இந்தச் சோடி ஆர்.என்.ஏ-யில் தளர்வாக நிற்கும். ஐந்தாவதில் G-C, ஆறாவதில் U-A. ஆக, ஒன்பதில் ஏழு நல்ல சோடிகள், ஒன்று தளர்ந்தது, ஒன்று இல்லை. முழுமையான பொருத்தம் இல்லாவிட்டாலும் U1 பிடித்துக்கொள்ளப் போதுமானது. அநேகமாக எல்லா இன்ட்ரோன்களிலும் மாறாமல் இருப்பவை தொடக்கத்தில் வரும் GU-வும் முடிவில் வரும் AG-யும். மற்ற எழுத்துகள் ஓரளவு விட்டுக்கொடுக்கும்.

இப்போது ஐந்தாவது G-யை அழித்து C எழுதுங்கள். எதிரே U1-இல் இருப்பதும் C. இரண்டு C-கள் சோடி சேராது. ஏழு ஆறாகிறது. அதுவும் ஏற்கெனவே மூன்றாவதில் சோடி இல்லாமலும் நான்காவதில் தளர்ந்தும் இருக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே பிடி விடுகிறது. U1 அந்த இடத்தில் நிலைத்து நிற்பதில்லை. வெட்டி ஒட்டும் பொறி அக்கம்பக்கத்தில் GU இருக்கும் வேறு இடங்களைத் தேடிப் போகிறது. சாதாரணமாக அந்த இடங்களை அது திரும்பியும் பார்ப்பதில்லை. தலசீமியா நோயாளரின் பரம்பரையலகுகளை வேறு கலங்களுக்குள் புகுத்தி, வெளிவந்த ஆர்.என்.ஏ-களை ஆராய்ந்தார்கள் ரொம் மானியாட்டிசின் குழுவினர். 1983 இல் வெளியான அந்த ஆய்வில் இப்படி மூன்று மறைவிடங்களில் வெட்டு விழுவதைக் கண்டார்கள். இரண்டு முதலாம் எக்சோனுக்குள், ஒன்று இன்ட்ரோனுக்குள்.

அவற்றில் ஒன்றைக் கடைசி வரை பின்தொடர்வோம். முதலாம் எக்சோனின் முடிவுக்கு 16 எழுத்துகள் முன்னால் ஒரு GU இருக்கிறது. வெட்டு அங்கே விழுந்தால் தூது ஆர்.என்.ஏ-யில் 16 எழுத்துகள் குறையும். 16 மூன்றால் வகுபடாது. இறைபோசோம் எழுத்துகளை மும்மூன்றாகத்தான் படிக்கும். ஆகவே அந்த இடத்துக்குப் பின்னால் எல்லா மும்மைகளும் பிசகிவிடும். 25 ஆவது அமினோவமிலம் வரை சரியான பீற்றா குளோபின், அதன் பின் எந்தப் புரதத்தையும் சேராத ஒரு வரிசை. நான் எழுத்தெழுத்தாக வைத்துப் படித்துப் பார்த்தேன். 55 ஆவது மும்மையில் UGA வருகிறது. அது நிறுத்தும் குறி. 146 அமினோவமிலங்கள் இருக்க வேண்டிய சங்கிலி 54 இல் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அந்த அரைகுறைச் சங்கிலிகூட உருவாவதில்லை. இப்படி முன்கூட்டியே நிறுத்தும் குறி வந்த தூது ஆர்.என்.ஏ-யை அடையாளம் கண்டு அழித்துவிடும் ஒழுங்கு கலத்துக்குள்ளேயே இருக்கிறது.

எறியப்படும் துண்டு என்று நாம் நினைத்த இன்ட்ரோனில், எங்கே வெட்ட வேண்டும் என்ற தகவலும் இருந்திருக்கிறது. டி.என்.ஏ-யில் இருக்கும் எல்லாத் தகவலும் புரதத்துக்கானது அல்ல. ஒரு பகுதி ஆர்.என்.ஏ-யைக் கையாள்வதற்கானது. அந்தத் தகவலைப் படிப்பதும் இன்னோர் ஆர்.என்.ஏ-தான்.

இதே இன்ட்ரோனில் முதலாவது G, A-ஆக மாறும் விகாரமும் இலங்கையில் பரவலாக இருக்கிறது. அங்கே GU என்ற தொடக்கமே இல்லாமல் போகிறது. அந்தப் பரம்பரையலகிலிருந்து சரியான தூது ஆர்.என்.ஏ ஒன்றுகூட வராது. ஐந்தாம் இடத்து விகாரத்தில் பிடி தளர்ந்ததே தவிர முற்றாக அறவில்லை. அதனால் சிறிதளவு சரியான தூது ஆர்.என்.ஏ கசிகிறது. ஆனால் பிள்ளையை இரத்தம் ஏற்றாமல் வாழவைக்க அந்த அளவு போதாது.

இலங்கைத் தலசீமியா நோயாளரில் கணிசமானோர் இன்னொரு வகை. ஒரு பெற்றோரிடமிருந்து நாம் பேசிய விகாரமும், மற்றவரிடமிருந்து ஈமோகுளோபின் ஈ என்ற மாற்றமும் வந்தவர்கள். ஈமோகுளோபின் ஈ-யில் 26 ஆவது மும்மை GAG என்பதிலிருந்து AAG ஆகிறது. குளுற்றமிக் அமிலத்தின் இடத்தில் லைசீன் வருகிறது. பாடப்புத்தகப்படி இது ஓர் அமினோவமில மாற்றம். ஆனால் 25 ஆவது மும்மையின் கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்துப் படியுங்கள். முன்பு GUGAG, இப்போது GUAAG. U1-இன் CAUUC-யோடு சோடி சேர்த்தால் முன்பு தளர்ந்திருந்த மூன்றாவது இடம் இப்போது நல்ல சோடியாகிவிடுகிறது. ஐந்தும் பொருந்துகின்றன. வெட்டு விழக்கூடாத இடம் ஒன்றுக்குக் கவர்ச்சி கூடிவிட்டது. அது நாம் சற்றுமுன் பார்த்த அதே 16 எழுத்து மறைவிடம். அதனால் ஈமோகுளோபின் ஈ-யில் புரதமும் மாறுகிறது, அதன் அளவும் குறைகிறது. மரபுக் குறியீட்டு அட்டவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது பாதி தெரியவே வராது. இதை விளங்கிக்கொள்ளும்போது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தணியவில்லை.

சரியான தூது ஆர்.என்.ஏ கிடைத்த கலத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். அது கருவை விட்டுக் குழியவுருவுக்கு வருகிறது. இறைபோசோம் அதில் ஏறுகிறது. ஒவ்வொரு மும்மைக்கும் எதிர் மும்மை கொண்ட இடமாற்று ஆர்.என்.ஏ ஒன்று தன் அமினோவமிலத்தோடு வந்து சோடி சேர்கிறது. இடமாற்று ஆர்.என்.ஏ தனிப் பட்டிகைதான். ஆனால் தன்மேலேயே மடிந்து, தன் எழுத்துகளோடு தானே சோடி சேர்ந்து ஒரு திட்டமான உருவத்தை எடுத்துக்கொள்கிறது. எதிர்ப் பட்டிகை இல்லாததால்தான் அதற்கு இப்படி மடிய முடிகிறது. இறைபோசோம் ஆர்.என்.ஏ-யும் அப்படியே. இறைபோசோமில் அமினோவமிலங்களைப் பெப்தைட்டுப் பிணைப்பால் இணைக்கும் வேலையைப் புரத நொதியம் செய்யவில்லை, இறைபோசோம் ஆர்.என்.ஏ-யே செய்கிறது. இறைபோசோமின் அணு மட்ட அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். மற்ற இருவர் தோமஸ் ஸ்ரைற்சும் அடா யோனத்தும்.

எண்ணிப் பாருங்கள். பீற்றா குளோபின் உருவாகும் வழியில் வெட்டும் இடத்தைக் காட்டியது ஆர்.என்.ஏ, செய்தியைக் கொண்டுவந்தது ஆர்.என்.ஏ, அமினோவமிலத்தைச் சுமந்துவந்தது ஆர்.என்.ஏ, பிணைத்ததும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ கருவை விட்டு அசையவில்லை.

டி.என்.ஏ இல்லாமலே இந்த வேலை நடப்பதைக்கூட உங்களால் நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியும். செங்குழியம் முதிரும்போது தன் கருவை வெளியே தள்ளிவிடுகிறது. கரு போனபின் அந்தக் கலத்தில் பீற்றா குளோபின் பரம்பரையலகு கிடையாது. ஆனால் முன்னமே பிரதியெடுத்த தூது ஆர்.என்.ஏ-யும் இறைபோசோம்களும் அதற்குள் மிஞ்சி இருக்கின்றன. இன்னும் சில நாள்கள் அவை ஈமோகுளோபினைத் தொடர்ந்து செய்கின்றன. செங்குழியத்தில் இருக்கும் மொத்த ஈமோகுளோபினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கரு போனபின் உருவானது. இந்த இளம் செங்குழியத்துக்கு ரெற்றிக்குலோசைற்று என்று பெயர். புது மெதிலீன் நீலச் சாயத்தோடு சில துளி இரத்தத்தைச் சேர்த்து, உடல் வெப்பநிலையில் கால் மணிநேரம் வைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்துப் பாருங்கள். முதிர்ந்த செங்குழியங்கள் வெறுமையாகத் தெரியும். நூற்றுக்கு ஒன்று இரண்டில் மட்டும் நீல நிற நூல்வலை ஒன்று கிடக்கும். அந்த வலை இறைபோசோம் ஆர்.என்.ஏ. ஓரிரு நாளில் அந்த ஆர்.என்.ஏ-யும் அழிந்துவிடும். அதன் பின் அந்தச் செங்குழியம் நூற்றிருபது நாள் அளவுக்கு ஒரு புதுப் புரதத்தையும் செய்யாமல், இருப்பதைக் கொண்டே வாழ்கிறது.

தலசீமியாப் பிள்ளையின் மச்சையில் நடப்பது வேறு. அல்பா குளோபின் பரம்பரையலகுகள் 16 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. அவற்றில் பழுது இல்லை. அல்பாச் சங்கிலிகள் வழமைபோல வந்துகொண்டே இருக்கும். சோடி சேர பீற்றாச் சங்கிலி இல்லாததால் அவை கலத்துக்குள் படிந்து, இளங்கலங்களை மச்சையிலேயே கொன்றுவிடுகின்றன. குருதிச்சோகைக்கு ஈமோகுளோபின் குறைவதை விட இந்த அழிவுதான் பெரிய காரணம். பிறந்தவுடன் நோய் தெரியாததற்கும் இப்போது உங்களால் விடை சொல்ல முடியும். கருப்பையில் பிள்ளை பயன்படுத்துவது காமாச் சங்கிலி கொண்ட ஈமோகுளோபினை. பீற்றா பொறுப்பேற்பது பிறந்து சில மாதங்களுக்குப் பிறகு.

ஆய்வுகூடத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காவி ஒருவரின் முழுமையான குருதிக்கல எண்ணிக்கையில் செங்குழியங்கள் சிறியவையாகத் தெரியும். இரும்புக் குறைபாட்டிலும் அப்படியே தெரியும் என்பதால் அதோடு நிறுத்த முடியாது. ஈமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கிறார்கள். காவியில் அது 3.5 சதவீதத்துக்கு மேல் போகும். எந்த விகாரம் என்று அறிய வேண்டுமானால்தான் டி.என்.ஏ தேவை. செங்குழியத்தில் கரு இல்லாததால் அந்த டி.என்.ஏ-யை வெண்குழியங்களிலிருந்து எடுக்கிறார்கள். ஈ.டி.ரி.ஏ சேர்த்த குழாயில் எடுத்த இரத்தம் குளிர்ப்பெட்டியில் சில நாள் இருந்தாலும் டி.என்.ஏ கிடைக்கும். அதே குழாயிலிருந்து ஆர்.என்.ஏ எடுக்க வேண்டுமானால் தாமதிக்க முடியாது. ஆர்.என்.ஏ-யை உடைக்கும் நொதியம் இரத்தத்திலும் இருக்கிறது, நம் விரல் தோலிலும் இருக்கிறது. ஆய்வாளர் கையுறை இல்லாமல் ஒரு தடவை தொட்டாலே மாதிரி வீணாகலாம். 2 ஆம் காபனில் நிற்கும் அந்த ஐதரொட்சில் உங்கள் அட்டவணையில் ஒரு வரி. ஆய்வுகூடத்தில் அன்றாடம் படும் பாடு.

டி.என்.ஏ கிடைத்ததும் பி.சி.ஆர் முறையில் இரண்டு குழாய்கள் வைக்கிறார்கள். ஒன்றில் இருக்கும் தொடக்கியின் கடைசி எழுத்து சரியான எழுத்தோடு சோடி சேரும். மற்றதில் இருக்கும் தொடக்கியின் கடைசி எழுத்து விகாரத்தோடு மட்டும் சேரும். கடைசி எழுத்து சோடி சேராவிட்டால் பொலிமரேசு அங்கிருந்து நீட்டாது. பிறகு அகரோசு களியில் மின்னோட்டம் செலுத்திப் பட்டைகளைப் பார்க்கிறார்கள். இரு குழாய்களிலும் பட்டை வந்தால் காவி. விகாரக் குழாயில் மட்டும் வந்தால் இரு பிரதிகளிலும் விகாரம். ஒவ்வொரு குழாயிலும் எப்போதும் வரவேண்டிய கட்டுப்பாட்டுப் பட்டை ஒன்றும் இருக்கும். அது வராவிட்டால் சோதனை நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டும், விகாரம் இல்லை என்று எழுதக்கூடாது. இந்த முறை தேடிய விகாரத்தை மட்டுமே காட்டும் என்பதையும் மறக்கக்கூடாது. தெரிந்த விகாரங்கள் ஒன்றும் அகப்படாமல் ஏ2 மட்டும் உயர்ந்திருந்தால் பரம்பரையலகு முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும்.

கடைசியாகப் புதிய சிகிச்சை ஒன்றைச் சொல்கிறேன். டி.என்.ஏ, ஆர்.என்.ஏ இரண்டின் குணத்தையும் அது சேர்த்துப் பயன்படுத்துகிறது. நோயாளியின் சொந்த மச்சைத் தண்டுக் கலங்களை வெளியே எடுத்து, காஸ்9 என்ற வெட்டும் நொதியத்தோடு வழிகாட்டி ஆர்.என்.ஏ ஒன்றையும் உள்ளே செலுத்துகிறார்கள். அந்த வழிகாட்டியின் இருபது எழுத்துகள் டி.என்.ஏ முழுவதிலும் தமக்குப் பொருந்தும் ஓரிடத்தைத் தேடிச் சோடி சேர்கின்றன. பீற்றா குளோபினைத் திருத்துவது நோக்கம் அல்ல. காமாச் சங்கிலியை நிறுத்திவைக்கும் பிசிஎல்11ஏ என்ற பரம்பரையலகின் இன்ட்ரோன் ஒன்றில் வெட்டு விழுகிறது. இங்கேயும் இன்ட்ரோன்தான். குருதிக் கலங்களில் அந்தத் தடை தளர்ந்து, கருப்பைக் காலத்து ஈமோகுளோபின் மறுபடி உருவாகத் தொடங்குகிறது. வழிகாட்டி ஆர்.என்.ஏ சில நாளில் சிதைந்துவிடும். சிதையாமல் தங்கினால் வேண்டாத இடங்களிலும் வெட்டு விழும் ஆபத்து கூடும். டி.என்.ஏ-யில் விழுந்த மாற்றம் அந்தக் கலத்தின் வழித்தோன்றல்கள் எல்லாவற்றிலும் ஆயுள் முழுக்க நிற்கும்.

இந்தச் சிகிச்சைக்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. தலசீமியாவுக்கு ஐக்கிய அமெரிக்கா 2024 ஜனவரியில் அளித்தது. அங்கே ஒருவருக்கு ஆகும் செலவு இருபது லட்சம் டொலருக்கும் மேல். மாற்றிய கலங்களைத் திருப்பிச் செலுத்த முன்பு பழைய மச்சையைக் கடுமையான மருந்தால் அழிக்க வேண்டும், அந்த மருந்து மலட்டுத்தன்மையை ஏற்படுத்தலாம். குருணாகலில் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது இரத்தமும், அதோடு உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தும். அடுத்த பிள்ளைக்கு நோய் வராமல் தடுக்கக் கையில் இருப்பது, திருமணத்துக்கு முன் இருவரும் செய்துகொள்ளக்கூடிய குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனை. செங்குழியம் சிறுத்திருந்தால் ஏ2 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.